மனைவி மிதக்கிறார், நான் முழுகுகிறேன்: என் நுரையீரலில் கோளாறா?

கேள்வி

வணக்கமுங்க டாக்டர். எனக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வயது 38, உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், எடை 62 கிலோ. நூல் மில்லில் 14 வருஷமாக வேலை. நானும் என் மனைவியும் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்து பழகுகிறோம். அவருக்கும் கிட்டத்தட்ட என் எடைதான். ஒரே வாரத்தில் அவர் மல்லாந்து மிதக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு முதலில் கால் கீழே போகிறது, பின்னாலேயே மொத்தமும் முழுகுகிறது. சொல்லித் தருகிறவர், "உங்களுக்கு எலும்பு கனமுங்க, மிதக்காது" என்கிறார். அம்மாவோ, மில் பஞ்சு நெஞ்சில் அடைத்திருக்கும், அதனால்தான் காற்றுப் பிடிக்கவில்லை என்று பயப்படுகிறார். மாமா, "நம்ம தோட்டத்துக் கிணத்துல பழகு மாப்ள, உப்புத் தண்ணி, ஆழமும் இருக்குது, அதுவே தூக்கிக்கும்" என்கிறார். இல்லாவிட்டால் கடலுக்குப் போய்ப் பழகட்டுமா? உண்மையில் என் நுரையீரலில் ஏதாவது கோளாறுங்களா?

பதில்

உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். தண்ணீரில் முழுகுகிறீர்கள் என்பதை மட்டும் வைத்து நுரையீரலில் கோளாறு என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. ஐந்தடி ஒன்பது அங்குல உயரத்துக்கு 62 கிலோ என்றால் நீங்கள் ஒல்லியான ஆள். அப்படிப்பட்ட ஆண்கள் பெரும்பாலும், சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு நல்ல தண்ணீரில் அசையாமல் கிடந்தால் முழுகத்தான் செய்வார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்தால் அதே ஆட்கள் மிதப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில லிட்டர் காற்றுதான். அதை எப்படிக் கையாளுவது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். கிணறு, கடல் இரண்டைப் பற்றியும் மாமாவிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எலும்பு இல்லை, கொழுப்பு

எலும்பு கனம் என்ற பேச்சை நீச்சல் சொல்லித் தருகிறவர்கள் பல இடங்களில் சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் எலும்பின் கனம் மாறும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசம் சின்னது. ஒரு வளர்ந்த ஆணின் உடம்பில் எலும்பைக் கெட்டியாக வைத்திருக்கும் தாதுப்பொருள் எல்லாம் சேர்ந்து சுமார் 3 கிலோ இருக்கும். உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூடுதல் என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் தண்ணீரில் கூடும் பாரம் இருநூறு கிராம்தான். ஒரு ஆளை முழுக வைக்கிற அளவு அதில் எதுவும் இல்லை.

பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது கொழுப்பு. தண்ணீரில் ஒரு பொருள் மிதக்குமா முழுகுமா என்பதை அதன் எடை மட்டும் முடிவு செய்வதில்லை, அந்த எடை எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. பத்து கிலோ கொழுப்பு சுமார் பதினொரு லிட்டர் இடத்தைப் பிடிக்கும். தசை, எலும்பு, ரத்தம், உறுப்புகள் எல்லாம் கலந்த மீதி உடம்பில் பத்து கிலோ எடுத்தால் அது ஒன்பது லிட்டர்தான் வரும். ஆக, ஒவ்வொரு பத்து கிலோவுக்கும் இரண்டு லிட்டர் வித்தியாசம். தண்ணீருக்குள் இரண்டு லிட்டர் இடம் என்றால் இரண்டு கிலோ தூக்குதல்.

உங்கள் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 12 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் வயது, உயரம், எடையைப் பார்த்து நான் போட்ட மதிப்பு இது, அளந்து சொன்னதில்லை. உங்கள் மனைவிக்கு அதே 62 கிலோவில் நூற்றுக்கு 32 இருக்கலாம். இதைக் கேட்டு அவர் வருத்தப்பட வேண்டாம், பெண்களின் உடம்பு இயற்கையிலேயே ஆண்களைவிடக் கூடுதலாகக் கொழுப்பை வைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கில், நெஞ்சில் இருக்கும் காற்றைச் சேர்க்காமல் பார்த்தால் உங்கள் உடம்பு 57.9 லிட்டர், அவருடையது 60.4 லிட்டர். தராசில் இரண்டு பேரும் ஒன்று, தண்ணீரில் அவருக்கு உங்களைவிட இரண்டரை லிட்டர் கூடுதல். "அவ மெதக்குறா, எனக்கு வரலியே" என்று நீங்கள் திறமையின் கணக்கில் போட்டுக்கொண்டது முழுக்க இந்த இரண்டரை லிட்டர்தான்.

இதற்காகச் சதை போடலாமா என்று யோசிக்க வேண்டாம். ஒரு லிட்டர் தூக்குதல் கூட வேண்டும் என்றால் நீங்கள் கிட்டத்தட்ட பத்து கிலோ கொழுப்பு ஏற்ற வேண்டும். அதே ஒரு லிட்டர், இப்போது இருக்கிற நெஞ்சிலேயே ஒரு மூச்சில் கிடைக்கிறது.

உங்கள் மூச்சின் கணக்கு

உங்கள் உயரத்துக்கு, நெஞ்சு நிறைய இழுத்தால் நுரையீரலில் சுமார் ஐந்தரை லிட்டர் காற்று நிற்கும். முழுக்க ஊதி வெளியே தள்ளினாலும் ஒன்றேகால் லிட்டர் போல உள்ளேயே தங்கிவிடும், அதை யாராலும் வெளியே தள்ள முடியாது. சும்மா உட்கார்ந்து மூச்சு விடும்போது, வெளியே விட்டு முடித்த இடத்தில் இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அங்கிருந்து அரை லிட்டர் இழுத்து அரை லிட்டர் விடுவதுதான் நாம் நாள் முழுக்கச் செய்கிற சாதாரண மூச்சு.

இப்போது குளத்துக்கு வாருங்கள். உங்கள் 62 கிலோவைத் தூக்க, நீங்கள் ஒதுக்கிய தண்ணீரின் எடையும் 62 கிலோ வர வேண்டும். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நிலையில் உடம்பும் காற்றும் சேர்ந்து அறுபது லிட்டருக்குச் சற்று மேல், அதாவது அறுபது கிலோ தண்ணீர். இரண்டு கிலோ பற்றவில்லை, முழுகுகிறீர்கள். முழுக்க ஊதிவிட்டால் பற்றாக்குறை மூன்று கிலோ. நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தால் அறுபத்து மூன்றரை லிட்டருக்குப் பக்கம் வந்துவிடும், அப்போது ஒன்றேகால் கிலோ போல மிச்சம், மிதக்கிறீர்கள்.

உங்கள் மனைவிக்கு இதே கணக்கைப் போட்டால், பெண்களுக்கு நுரையீரல் சிறியது என்றபோதிலும், சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த இடத்திலேயே அவர் கிட்டத்தட்ட மிதக்கும் கோட்டில் நிற்கிறார். கொஞ்சம் இழுத்தாலே மேலே வந்துவிடுவார். ஆனால் ஒன்றை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்: முழுக்க ஊதிவிட்டால் அவருக்கும் முக்கால் கிலோ போலப் பற்றாக்குறைதான். சத்தம் போட்டுக் கூப்பிடும்போது, இருமும்போது, தண்ணீர் குடித்துப் பதறும்போது நெஞ்சில் இருக்கும் காற்று வேகமாக வெளியே போகும். அந்த நேரத்தில் நன்றாக மிதக்கிறவரும் முழுகுவார். தன்னால் மிதக்கிறாரே என்று அவரைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் கரையேறக் கூடாது.

உங்கள் கணக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மிதக்க வேண்டும் என்றால் உங்கள் நெஞ்சில் குறைந்தது நாலே கால் லிட்டர் காற்று எப்போதும் இருக்க வேண்டும். மேலே இருக்கும் ஒன்றேகால் லிட்டர்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடம். ஆனால் சாதாரண மூச்சுக்குத் தேவை அரை லிட்டர்தானே? ஆக, நெஞ்சை முதலில் நிறைத்துக்கொண்டு, அந்த நிறைவின் மேலேயே அரை லிட்டரை விட்டு அரை லிட்டரை இழுத்தால் நீங்கள் மூச்சும் விடலாம், மிதக்கவும் செய்யலாம். குளத்தில் மல்லாந்தவுடன் "உடம்பைத் தளர விடுங்க, மூச்சை விடுங்க" என்று சொல்கிறார்களே, உங்கள் மனைவிக்கு அது சரியான யோசனை. உங்களுக்கு அதுவே கேடு. தளர விட்டால் நெஞ்சு இரண்டரை லிட்டருக்கு இறங்கிவிடும். போதாக்குறைக்கு, கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே தண்ணீரின் அழுத்தம் நெஞ்சையும் வயிற்றையும் உள்ளே தள்ளி அந்த இரண்டரையிலும் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

கால் ஏன் முதலில் போகிறது

மொத்தக் கணக்கில் மிதக்கிற ஆளுக்கும் கால் தாழலாம், அது வேறு விஷயம். உங்களைத் தூக்கும் காற்று நெஞ்சில் இருக்கிறது, கனமான சதையும் எலும்பும் இடுப்பிலும் தொடையிலும் இருக்கின்றன. நெஞ்சில் லாரி டியூபையும் காலில் கல்லையும் கட்டிக்கொண்டு படுத்தது போல, உடம்பு கால் பக்கமாகச் சுழலும். உங்கள் மனைவிக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு இருப்பதால் அவர் காலுக்கே கொஞ்சம் தூக்குதல் உண்டு, அந்தச் சுழற்சி அவருக்குக் குறைவு. கால் வேகமாகச் சரிந்து இறங்கினால் அந்த வேகமே மூஞ்சியையும் கீழே இழுத்துவிடும், நீங்கள் பயந்து மூச்சை விட்டுவிடுவீர்கள், அப்புறம் மொத்தமும் போகும். நீங்கள் எழுதியிருக்கும் வரிசை அப்படியே இதுதான்.

இதற்குச் செய்ய வேண்டியது, எடையைத் தலைப் பக்கம் நகர்த்துவது. இரண்டு கைகளையும் காதை ஒட்டித் தலைக்கு மேலே தண்ணீருக்குள்ளேயே நீட்டுங்கள். முழங்காலை மடக்கிப் பாதத்தைப் பின்புறம் பக்கம் கொண்டுவாருங்கள், காலின் கனம் இடுப்புக்கு நெருங்கி வந்து சுழற்சி குறையும். காது தண்ணீருக்குள் இருக்கும்படி தலையைப் பின்னால் சாயுங்கள். தலையைத் தூக்கிக் காலைப் பார்க்கவே கூடாது. தலையின் எடை நாலைந்து கிலோ, உங்களிடம் இருக்கும் மிச்சமோ ஒன்றேகால் கிலோ. தலையை முழுக்க வெளியே வைக்க உங்களால் முடியாது, வாயும் மூக்கும் மட்டும் வெளியே இருந்தால் போதும். இவ்வளவும் செய்த பிறகும் கால் சாய்ந்தே நின்றால் நிற்கட்டும். உடம்பு சரிவாகத் தொங்கிக்கொண்டு முகம் மட்டும் மேலே இருப்பதும் மிதப்புத்தான்.

பஞ்சுத் தூசியும் நெஞ்சும்

அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை, நம் பக்கத்து மில் தொழிலாளர்களின் நெஞ்சைப் பார்க்கிற எனக்கு அது முக்கியமான பயம். ஆனால் பஞ்சுத் தூசி நுரையீரலுக்குள் அடைந்து காற்றுக்கு இடமில்லாமல் செய்வதில்லை. அது மூச்சுக் குழாய்களைச் சுருக்கி எரிச்சலாக்கும். குழாய் சுருங்கினால் உள்ளே போன காற்று வெளியே வரத் தாமதமாகும், அப்படிப்பட்டவர்களின் நெஞ்சில் காற்று மிச்சமாகத் தேங்கும். மிதக்கிற கணக்கில் பார்த்தால் அது தூக்கத்தான் செய்யும். நீங்கள் முழுகுவதற்கும் பஞ்சுக்கும் முடிச்சுப் போட முடியாது. மிதக்கிறேன், ஆகவே நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றும் யாரும் முடிவுக்கு வர முடியாது.

பஞ்சுத் தூசி நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் வேறு. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாளில், சில மணி நேரத்தில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், இருமல் வரும், மூச்சு வாங்கும். மறுநாள், அதற்கு மறுநாள் என்று குறையும், அடுத்த விடுமுறைக்குப் பிறகு மறுபடி வரும். வருஷங்கள் போகப் போக வாரம் முழுக்க நீடிக்கும். இது உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால், நீச்சலை வைத்து இல்லாமல் இதை வைத்தே ஒரு ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு குழாயில் முழு மூச்சையும் வேகமாக ஊதும் பரிசோதனை, வலி கிடையாது. விடுமுறைக்கு அடுத்த வேலை நாளில், வேலைக்குப் போகும் முன் ஒரு தடவையும் முடிந்தபின் ஒரு தடவையும் ஊதிப் பார்த்தால் பஞ்சால் ஏற்படும் வீழ்ச்சி பிடிபடும். நீங்கள் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் என்றால், பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோய் சட்டப்படி தொழில்சார் நோயாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நோய் என்று முடிவானால் சிகிச்சை மட்டுமின்றி, உழைக்கும் திறன் குறைந்ததற்கு ஈட்டுத்தொகை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 14 வருஷம் மில்லில் இருக்கிறீர்கள், அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு தடவை ஊதிப் பார்த்து அந்த எண்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மாமா சொன்ன உப்புத் தண்ணி

உப்பு தூக்கும் என்பது சரிதான், ஆனால் எவ்வளவு உப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கு, வேறு வழியே இல்லாதபோது இந்தியத் தர நிர்ணயம் விடும் மேல் எல்லை லிட்டருக்கு 2 கிராம் கரைந்த உப்பு. உங்கள் கிணறு அதையும் தாண்டி 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வாயில் வைக்க முடியாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஆனால் அதில் நீங்கள் முழு மூச்சோடு இறங்கினால் கிடைக்கும் கூடுதல் தூக்குதல் சுமார் 140 கிராம்தான். நீச்சல் குளத்துக்கும் உங்கள் கிணற்றுக்கும் நடுவில் இவ்வளவுதான் வித்தியாசம். நாக்குக்குத் தெரிகிற உப்பு உடம்பைத் தூக்கப் போதாது.

கடலில் லிட்டருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கும். அங்கே அதே முழு மூச்சில் உங்களுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் மிச்சம் ஒன்றேகாலில் இருந்து மூன்று கிலோவுக்குப் பக்கம் போகும். இன்னும் சொன்னால், சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த இடத்தில் குளத்தில் இருந்த இரண்டு கிலோ பற்றாக்குறை, கடலில் கால் கிலோ அளவுக்கு வந்துவிடும். ஆகவே கடலில் சுலபம் என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். லிட்டருக்கு முந்நூறு கிராமுக்கு மேல் உப்பு கரைந்திருக்கும் சாக்கடலில், ஒரு லிட்டர் தண்ணீரே ஒன்றேகால் கிலோ எடை இருக்கும். அங்கே மூச்சு முழுவதையும் ஊதிவிட்டாலும் உங்களுக்குப் பத்து கிலோவுக்கு மேல் மிச்சம், முழுகவே முடியாது. ஆனால் குப்புறக் கவிழ்ந்தால் நிமிர்வது கஷ்டம், அந்தத் தண்ணீர் வயிற்றுக்கோ நெஞ்சுக்கோ போனால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் பழகக் கடலுக்குப் போகலாமா? வேண்டாம் என்பதுதான் என் யோசனை. உப்பு கொடுக்கும் ஒன்றரை கிலோவை, ஒரே ஒரு அலை மூக்கில் தண்ணீரை அடித்துப் பறித்துவிடும். நமக்குப் பக்கமான கேரளக் கரை ஜூனில் இருந்து செப்டம்பர் வரை கொந்தளிப்பாக இருக்கும், கரையில் இருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டங்களும் உண்டு. இழுக்கும் தண்ணீரில் நீங்கள் மிதந்தால், மிதந்தபடியே உள்ளே போவீர்கள். கொடிவேரியிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் இதே பேச்சுத்தான்: ஓடுகிற தண்ணீரில் மிதப்பது ஒரு தனிப் பாடம், அதை முதல் பாடமாக வைக்காதீர்கள். நின்ற தண்ணீரில் மிதக்கப் பழகிய பிறகு குடும்பத்தோடு கடலுக்குப் போய், இடுப்பளவில் மல்லாந்து பாருங்கள், வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

ஆழம் தூக்காது, இழுக்கும்

மாமா சொன்னதில் எனக்கு உண்மையாகவே பயமாக இருப்பது இதுதான். மேற்பரப்பில் மிதக்கிற ஆளுக்குக் கீழே நாலடித் தண்ணீர் இருந்தாலும் நாற்பதடி இருந்தாலும் தூக்குதல் ஒன்றே. அவர் ஒதுக்கிய தண்ணீரின் எடைதான் கணக்கு, அடியில் எவ்வளவு கிடக்கிறது என்பது கணக்கில் வராது. ஆனால் நீங்கள் கீழே போனால் கணக்கு மாறும். பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகி, நெஞ்சில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். சதையும் எலும்பும் சுருங்காது. மூன்று மீட்டரிலேயே ஐந்தரை லிட்டர் காற்று நாலே கால் லிட்டருக்கு வந்துவிடுகிறது. அந்த நாலே கால் லிட்டர் என்ன என்று மேலே பார்த்தோம், நீங்கள் மிதக்கத் தேவையான கடைசி அளவு அது.

அப்படியென்றால், மேலே நெஞ்சு நிறையக் காற்றோடு மிதக்கிற நீங்கள், அதே மூச்சைப் பிடித்துக்கொண்டே ஒன்பது பத்தடிக்குக் கீழே போனால் மிதக்க மாட்டீர்கள், தானாகக் கீழே இறங்குவீர்கள். இறங்க இறங்கக் காற்று இன்னும் சுருங்கும், இன்னும் வேகமாக இறங்குவீர்கள். நம் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளில் மேட்டில் இருந்து குதித்தால் பத்தடியைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். "சும்மா இரு, தண்ணியே மேலே கொண்டாந்து விட்டுரும்" என்று சிறு வயதில் எல்லோரிடமும் சொல்வார்கள். கொஞ்சம் சதைப்பிடிப்பான பையனுக்கு அது உண்மையாக இருக்கும், அவனைத் தண்ணீர் மேலே கொண்டுவரும். உங்களைப் போன்ற ஆள் சும்மா இருந்தால் மேலே வர மாட்டார், காலை உதைத்துத்தான் வர வேண்டும். மிதக்கிற ஒருவரை நம்பி மிதக்காத இன்னொருவர் குதிப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கிணற்றில் இறங்கியே ஆக வேண்டும் என்றால், குளத்தில் மிதப்பும் காலுதைப்பும் கைவந்த பிறகு, படிக்கட்டு வழியாக இறங்குங்கள், குதிக்க வேண்டாம். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்குங்கள், ஈர ஒயரில் கசியும் மின்சாரம் நீச்சல் தெரிந்தவரையும் விடாது. சுரைப்புருடை கட்டிப் பழகியதை நம் பெரியவர்கள் சும்மா செய்யவில்லை. நாலு லிட்டர் கொள்ளும் காய்ந்த சுரை, தன் எடை போகக் கிட்டத்தட்ட நாலு கிலோவுக்குப் பக்கம் தூக்கும். உங்கள் மூன்று கிலோ பற்றாக்குறைக்கு அதுவே தாங்கும். இன்றைக்கு ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் மூடியை இறுக்கிக் கட்டினாலும் அதே கணக்குத்தான். ஆனால் கட்டு அவிழ்ந்தாலோ கேனில் ஓட்டை விழுந்தாலோ பழைய பற்றாக்குறை திரும்பி வந்துவிடும் என்பதால், படியில் கயிறும் ஆளும் இருக்க வேண்டும்.

குளத்தில் என்ன செய்யலாம்

எனக்கு முன்னால் இருப்பவர் நீங்கள் என்றால் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். நெஞ்சளவுத் தண்ணீர், பக்கத்தில் உங்கள் மனைவியோ பயிற்சியாளரோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நெஞ்சு நிறைய ஒரே ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து, முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுருண்டு, ஐந்தாறு எண்ணும்வரை அசையாமல் இருங்கள். முதலில் கொஞ்சம் தாழ்ந்து, அப்புறம் முதுகு மேலே வந்து நிற்கும். வந்தால் உங்களுக்கும் தண்ணீருக்கும் சண்டை இல்லை. இரண்டாம் தடவை அதே மாதிரி செய்து, மூக்கு வழியாக மெதுவாகக் குமிழி விடுங்கள். கொஞ்சம் விட்டவுடனே இறங்கினால் உங்கள் மிச்சம் சின்னது, நிறைய விட்ட பிறகு இறங்கினால் பெரியது. முழு மூச்சிலும் முதுகு மேலே வரவில்லை என்றால், பெரும்பாலும் மூச்சை முழுக்க இழுக்கவில்லை அல்லது தண்ணீரில் நுழையும்போது கொஞ்சம் விட்டுவிட்டீர்கள். இன்னும் இரண்டு மூன்று தடவை பாருங்கள். சிறிய நுரையீரலும் மிக ஒல்லியான உடம்பும் உள்ள சிலர் முழு மூச்சிலும் முழுகத்தான் செய்வார்கள், அவர்கள் கை அசைவோடுதான் மிதக்க வேண்டும்.

அடுத்தது மூச்சு. மல்லாந்து, கையை மேலே நீட்டி, முழங்காலை மடக்கி, நெஞ்சை நிறையுங்கள். மூன்று நாலு எண்ணிவிட்டு, வாய் வழியாகக் கொஞ்சமாக, சட்டென்று விட்டு, உடனே சட்டென்று இழுத்து நிறைத்துவிடுங்கள். விடும்போது முகம் சற்றே தாழும், அது முழுகுவதில்லை, இழுத்தவுடன் மேலே வரும். தாழ்வதைப் பார்த்துத் தலையைத் தூக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இப்படி நெஞ்சை உப்பியே வைத்திருப்பது கொஞ்ச நேரத்தில் அலுக்கும், விலா வலிக்கும். அப்போது கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்து உள்ளேயும் வெளியேயும் மெதுவாகத் துழாவுங்கள். பற்றாக்குறை ஒன்றிரண்டு கிலோதான், அதை இந்தக் கையசைவே ஈடு செய்துவிடும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. இறங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு போகாதீர்கள். அது நெஞ்சில் கூடுதல் காற்றைச் சேர்க்காது. ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவை விரட்டிவிட்டு, மூச்சு வேண்டும் என்ற தவிப்பையே தாமதப்படுத்தும். தவிப்பு வரும் முன்பே நினைவு தப்பிவிடும், சத்தமில்லாமல் அடியில் கிடப்பார்கள். யார் அதிக நேரம் முழுகியிருப்பது என்ற பந்தயத்தில் இப்படித்தான் நல்ல நீச்சல்காரர்களும் போகிறார்கள். வலிப்பு நோயோ, கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவோ, முன்பு நுரையீரல் ஓட்டை விழுந்து நெஞ்சில் காற்றுக் கசிந்ததோ இருந்தால், மூச்சைப் பிடிக்கும் எந்தப் பயிற்சிக்கும் முன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்பைரோமெட்ரி செய்தால் அந்தத் தாளை எனக்கும் அனுப்பி வையுங்கள். அதில் நீங்கள் ஒரே மூச்சில் ஊதிய மொத்தக் காற்று எத்தனை லிட்டர் என்று இருக்கும். அதோடு ஊத முடியாமல் தங்கும் ஒன்றேகாலைக் கூட்டினால் உங்கள் முழு மூச்சு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நான் ஐந்தரை என்று உத்தேசமாக வைத்த இடத்தில் உங்கள் சொந்த எண்ணைப் போட்டுக் கணக்கைத் திருத்தித் தருகிறேன்.